சென்னைத் தமிழில் வடமொழி ஒலிகள்

சென்னைத் தமிழில் வடமொழி ஒலிகள் என்பது, சமசுகிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களில் உள்ள மூச்சொலிகள், உரசொலிகள் ஆகியவை சென்னையின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், குறிப்பாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில், எவ்வாறு ஒலிக்கப்படுகின்றன, எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைக் குறிக்கும். இப்பகுதிகளில் கோயில், இசை அரங்கு, நாட்டியப் பள்ளி, சமசுகிருதக் கல்லூரி ஆகியவை அருகருகே அமைந்துள்ளதால், வடசொற்கள் அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்குகின்றன. ஆயினும் எல்லா வடமொழி ஒலிகளும் ஒரே வகையாக நடத்தப்படுவதில்லை. ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய ஒலிகள் பேச்சிலும் எழுத்திலும் பெரும்பாலும் காக்கப்படுகின்றன. மூச்சொலிகளோ ஏறத்தாழ முற்றிலும் இழக்கப்படுகின்றன. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களும், கருநாடக இசையின் மேளகர்த்தா இராகப் பெயர்களில் அதனால் உண்டாகும் விளைவும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

## ஒலியமைப்பு

சமசுகிருதத்தில் ஒவ்வொரு வல்லினத்துக்கும் நான்கு ஒலிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, தமிழில் க என்னும் ஒரே எழுத்து நிற்கும் இடத்தில் அம்மொழியில் நான்கு எழுத்துக்கள் உள்ளன. முதலாவது, "கல்" என்பதில் உள்ளது போன்ற அதிர்வில்லாத ஒலி. இரண்டாவது, அதே ஒலி மூச்சுக் காற்றுடன் வெளிப்படுவது. மூன்றாவது, "தங்கம்" என்பதில் உள்ளது போன்ற அதிர்வுடைய ஒலி. நான்காவது, அவ்வதிர்வொலி மூச்சுக் காற்றுடன் வெளிப்படுவது. இரண்டாவதும் நான்காவதும் மூச்சொலிகள் எனப்படும். வடமொழி இலக்கணத்தார் இவற்றை மகாப்பிராணம் என்பர். தமிழ் எழுத்தில் அச்சிடப்படும் தோத்திர நூல்களில் இந்நான்கும் க, க², க³, க⁴ என எண் குறியிட்டுக் காட்டப்படுவது வழக்கம். இக்கட்டுரையிலும் அக்குறியீடே பின்பற்றப்படுகின்றது.

தமிழில் வல்லினத்தின் அதிர்வு பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் வல்லினம் அதிர்வின்றி ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்து வரும்போது அதிர்வுடன் ஒலிக்கும். இரண்டு உயிர்களுக்கு இடையே வரும்போது அதிர்வுடனோ, மென்மையான உரசலுடனோ ஒலிக்கும். ஆகவே, தமிழ் பேசுவோருக்கு அதிர்வொலி புதியதன்று. அது வராத இடத்தில் வருவதே புதியது. மூச்சொலியோ தமிழில் எந்த இடத்திலும் இல்லை.

உரசொலிகளின் நிலை வேறு. சென்னைப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் சகரம் பொதுவாக ஸகரம் போலவே ஒலிக்கின்றது. "சாப்பாடு", "சொல்", "சின்ன" ஆகிய சொற்களில் இதனைக் கேட்கலாம். "பேசு", "காசு" போன்ற சொற்களின் இடையிலும் இவ்வாறே. "அச்சம்" என இரட்டித்து வரும்போதும், "மஞ்சள்" என ஞகரத்தை அடுத்து வரும்போதும் சகரம் அடைப்புடன் ஒலிக்கின்றது. எனவே ஸ என்னும் ஒலி தமிழ் வாய்க்கு ஏற்கனவே பழகியது. சொல்லின் இறுதியில் வருவதும், வேறு மெய்யுடன் சேர்ந்து வருவதுமே அதில் புதுமையாகும்.

## இலக்கண மரபு

வடசொற்களை அவற்றுக்குரிய வடவெழுத்துக்களை நீக்கித் தமிழ் எழுத்துக்களால் ஆள வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் நெறியாகும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், எந்த வடவெழுத்து எந்தத் தமிழெழுத்தாக மாறும் என்பதையும் வகுத்துக் கூறுகின்றது. அதன்படி ஜகரம் சகரமாகவோ யகரமாகவோ மாறும் (பங்கஜம், பங்கயம்). ஷகரம் சொல்லின் முதலில் சகரமாகவும் (ஷண்முகன், சண்முகன்), இடையில் டகரமாகவும் மாறும் (புருஷன், புருடன்). ஸகரம் முதலில் சகரமாகவும் (ஸபா, சபை), பிற இடத்தில் தகரமாகவும் மாறும் (மாஸம், மாதம்). ஹகரம் முதலில் கெட்டு உயிர் மட்டும் நிற்கும் (ஹரன், அரன்). இடையில் ககரமாகும் (மோஹம், மோகம்). க்ஷகரம் இடையில் இரு ககரமாகும் (பக்ஷம், பக்கம்).

மூச்சொலிகளைப் பொறுத்தவரை மரபு எளிமையானது. நான்கு ஒலிகளும் ஒரே தமிழ் வல்லினமாகிவிடும். "முகம்" என்பதில் மூலத்தில் இருந்தது க². "யோகம்" என்பதில் இருந்தது க³. "மேகம்" என்பதில் இருந்தது க⁴. இன்று மூன்றும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. இவற்றைப் பிரித்து அறிய வேண்டும் என்று தமிழ் பேசுவோர் எவருக்கும் தோன்றுவதில்லை.

## இடப்பெயர்களிலும் வழக்குச் சொற்களிலும்

ஒரே வடமொழி ஒலி வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாகத் தமிழாக்கப்பட்டதை இப்பகுதியின் பெயர்களிலேயே காணலாம்.

மயிலாப்பூர் சிவன் கோயில், 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் கபாலீச்சரம் எனக் குறிப்பிடப்படுகின்றது. இங்கே வடமொழியின் "ஈஶ்வர" என்பதிலுள்ள மெய்ம்மயக்கம் "ச்ச" என முழுவதும் தமிழ் அமைப்புக்கு மாறிவிட்டது. பிற்கால எழுத்து வழக்கான கபாலீசுவரர் என்பதில் மெய்களுக்கு இடையே உகரம் சேர்க்கப்பட்டு, கிரந்த எழுத்து விலக்கப்பட்டுள்ளது. இன்று பெயர்ப் பலகைகளில் பெரிதும் காணப்படும் கபாலீஸ்வரர் என்பதில் உரசொலியும் மெய்ம்மயக்கமும் காக்கப்படுகின்றன. ஆனால் இம்மூன்றிலும் பகரம் அதிர்வுடனேயே ஒலிக்கப்படுகின்றது. மூலத்தில் அது அதிர்வில்லாத ஒலியாகும். உயிர்களுக்கு இடையில் வருவதால் தமிழ் ஒலிமுறை அதனை மாற்றிவிட்டது. ஸகரத்தைக் கவனமாகக் காக்கும் ஒருவரும் இம்மாற்றத்தை உணர்வதில்லை.

தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராய செட்டியாரின் (1852 - 1925) பெயரால் அமைந்தது. "தியாகராஜ" என்னும் வடசொல், ஜகரம் யகரமாகி "தியாகராய" என நிற்கின்றது. இது நன்னூல் கூறும் மாற்றமே. அதே நகரிலுள்ள இசை அரங்குகளில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவரின் (1767 - 1847) பெயரோ தியாகராஜர் என்றே வழங்குகின்றது. ஒரே பெயரின் இரு வடிவங்களும் தம்முள் கலவாமல், ஒன்று இடத்துக்கும் மற்றொன்று இசைப்புலவருக்கும் உரியனவாக நிலைபெற்றுள்ளன.

இதுபோன்ற மற்றோர் இணை சபை, சபா என்பதாகும். இரண்டும் "ஸபா⁴" என்னும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. ஆகார ஈறு ஐகாரமாகிய பழைய வடிவம் சட்டசபை, திருச்சபை ஆகியவற்றில் உள்ளது. ஆகாரம் காக்கப்பட்ட பிற்கால வடிவமான சபா, சென்னையில் இசை நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்பை மட்டும் குறிக்கின்றது. இரண்டிலும் மூச்சொலி இல்லை.

அடையாற்றில் காந்தி நகர், சாஸ்திரி நகர், கஸ்தூரிபா நகர் ஆகியவை உள்ளன. பின்னிரண்டிலும் "ஸ்தி", "ஸ்தூ" என்னும் மெய்ம்மயக்கங்கள் காக்கப்படுகின்றன. பழைய முறைப்படி இவை சாத்திரி, கத்தூரி என்றாகும். காந்தி என்பதிலோ மூலத்திலுள்ள த⁴ வெறும் அதிர்வொலியாகிவிடுகின்றது. 1936இல் உருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் தொடங்கிய கலாசேத்திரா, 1960களில் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. அதன் பெயர் கலாக்ஷேத்ரா, கலாட்சேத்திரா, கலாசேத்திரா என மூவகையாக எழுதப்படுகின்றது. க்ஷகரம் "ட்ச" ஆவது நன்னூலில் கூறப்படாத பிற்கால வழக்காகும். பட்சி, அட்சரம், இலட்சம் போன்றவை அவ்வழக்கைச் சேர்ந்தவை.

## மூச்சொலிகள்

சொல்லின் முதலில் வரும் மூச்சொலிகளில், சென்னையில் பொதுவாக மூச்சு நீங்குகின்றது, அதிர்வு நிற்கின்றது. கச்சேரிகளில் வாசிக்கப்படும் மண்பானைக் கருவியான கடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மூலத்தில் இச்சொல் க⁴ என்னும் மூச்சுடைய அதிர்வொலியில் தொடங்குகின்றது. அதன் டகரம் அதிர்வற்றது. மயிலாப்பூர் இரசிகர் இதனைச் சொல்லும்போது முதலெழுத்து "தங்கம்" என்பதிலுள்ள ககரம் போல ஒலிக்கின்றது, மூச்சு இல்லை. டகரம் உயிர்களுக்கு இடையே நிற்பதால் அதிர்வு பெறுகின்றது. அதாவது முதல் எழுத்தில் வடமொழி ஒலியின் ஒரு பாதி காக்கப்படுகின்றது. இரண்டாம் எழுத்தில் தமிழ் ஒலிமுறை முழுவதும் ஆட்சி செய்கின்றது.

இவ்வாறு சொல்லின் முதலில் அதிர்வு காக்கப்படுவதால், தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தோன்றும் சொற்கள் பேச்சில் வேறுபடுகின்றன. "பாவம்" என்று எழுதப்படும் சொல், இரக்கத்தையோ தீவினையையோ குறிக்கும்போது அதிர்வில்லாத பகரத்துடன் ஒலிக்கின்றது. பாட்டிலோ நாட்டியத்திலோ வெளிப்படும் உணர்ச்சியைக் குறிக்கும்போது அதிர்வுடைய பகரத்துடன் ஒலிக்கின்றது. முன்னதன் மூலம் "பாப", பின்னதன் மூலம் "பா⁴வ". இசை விமரிசனம் ஒன்றில் "பாவம் நிறைந்த பாட்டு" என்று அச்சிட்டால் எப்பொருள் கொள்வது என்பது படிப்போர் பொறுப்பாகின்றது. கேட்போருக்கு அந்த ஐயம் எழுவதில்லை. ஆகவே பேச்சில் வேறுபாட்டைக் காட்டும் பணியை மூச்சிடமிருந்து அதிர்வு ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம்.

"பஜனை" என்னும் சொல்லில் மூன்று வகை மாற்றங்களையும் ஒருங்கே காணலாம். பாபநாசம் சிவன் (1890 - 1973) மார்கழி மாத விடியற்காலைகளில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடத்திய பஜனையால் இச்சொல் அப்பகுதியில் நன்கு அறியப்பட்டது. அதன் முதலெழுத்தான ப⁴, மூச்சை இழந்து அதிர்வை மட்டும் காக்கின்றது. ஜகரம் முழுவதும் காக்கப்படுகின்றது. இறுதி உயிர் தமிழ் வழக்கப்படி ஐகாரமாகின்றது.

மூச்சொலி இருக்கின்றதா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. உதடுகளுக்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து "பல்" என்று சொன்னால் காகிதம் பெரிதும் அசைவதில்லை. ப² என்னும் ஒலியை உரியவாறு சொன்னால் காகிதம் தெளிவாக அசையும். பயனைக் குறிக்கும் "பலன்" என்னும் சொல்லின் மூலம் ப²கரத்தில் தொடங்குவதாயினும், தமிழர் அதனைச் சொல்லும்போது "பல்" என்பதில் போலவே காகிதம் அசையாது நிற்கும்.

வேதம் ஓதுவோரும், 1906இல் மயிலாப்பூரில் நிறுவப்பட்ட சென்னை சமசுகிருதக் கல்லூரி போன்ற இடங்களில் அம்மொழியை முறையாகக் கற்போரும் மூச்சொலிகளைப் பயின்று ஒலிக்கின்றனர். ஆனால் அது ஓதும்போதும் சமசுகிருதம் பேசும்போதும் மட்டும் வருவதாகும். அவர்களே தமிழில் உரையாடும்போது "பாரதி", "தர்மம்", "கடம்" ஆகியவற்றைப் பொதுவாக மூச்சின்றியே சொல்கின்றனர்.

## உரசொலிகளும் ஹகரமும்

சமசுகிருதத்தில் ஶ, ஷ, ஸ என மூன்று உரசொலிகள் உள்ளன. சென்னைப் பேச்சில் இவற்றுள் ஶகரம் தனித்து நிற்பதில்லை. "சிவன்", "சக்தி", "சாந்தி" ஆகியவை ஸகரம் போன்ற ஒலியுடனேயே வழங்குகின்றன. அடைப்பொலியான வடமொழிச் சகரமும் சொல்லின் முதலில் பலர் வாயில் இவ்வாறே மாறுகின்றது. "சந்திரன்", "சக்கரம்" ஆகியவை எடுத்துக்காட்டுகளாகும். இவ்வாறு மூலத்தில் வேறுபட்ட மூன்று ஒலிகள் சொல்முதலில் ஒன்றாகிவிடுகின்றன. வடமொழியில் உரசொலி அல்லாத ஒன்று தமிழ் வாயில் உரசொலியாவது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஷகரம் இவற்றிலிருந்து வேறுபட்டுத் தனித்து நிற்கின்றது. "வருஷம்", "விஷயம்", "கஷ்டம்" ஆகியவற்றில் ஷகரத்தை ஒலிப்போரும் உள்ளனர். "வருசம்", "விசயம்", "கஸ்டம்" என்போரும் உள்ளனர். எழுத்தில் வருடம் என்னும் நன்னூல் முறை வடிவம் செல்வாக்குப் பெற்றுள்ளது. ஆனால் விடயம் என்னும் வடிவம் சென்னையில் அரிது. இலங்கைத் தமிழர் எழுத்திலேயே அது இயல்பாக வழங்குகின்றது. ஒரே விதி ஒரு சொல்லில் ஏற்கப்பட்டு மற்றொரு சொல்லில் ஏற்கப்படாமல் இருப்பதற்கு வழக்கைத் தவிர வேறு காரணம் கூற இயலாது.

இவ்வேறுபாடுகள் சமூகப் பிரிவுகளோடும் தொடர்புடையவை. வில்லியம் பிரைட், ஏ. கே. இராமானுசன் ஆகியோர் 1960களில் எழுதிய ஆய்வில், பிராமணர் பேச்சு கடன் சொற்களின் அயல் ஒலிகளைக் காக்க முற்படுவதையும், பிற சாதியார் பேச்சு அவற்றைத் தமிழ் ஒலிகளாக மாற்றும் போக்குடையதாக இருப்பதையும் எடுத்துக்காட்டினர். பள்ளிக் கல்வியும் ஆங்கிலச் சொற்களும் பரவியதால் இவ்வேறுபாடு பிற்காலத்தில் குறைந்துள்ளது. "பஸ்", "ஆபீஸ்", "ஷூ", "ஜன்னல்" ஆகியவற்றை எல்லோரும் சொல்லும் நகரில் ஸ, ஷ, ஜ ஆகிய ஒலிகள் எந்த ஒரு பிரிவினருக்கும் மட்டும் உரியவையாக இருக்க இயலாது. உரசொலிகள் நிலைத்ததற்கு இதுவே முதன்மையான காரணமாகும். அவற்றுக்கு ஆங்கிலம், போர்த்துக்கேயம், உருது ஆகிய மொழிகளின் கடன் சொற்கள் துணை நின்றன. எழுதுவதற்குக் கிரந்த எழுத்துக்களும் கிடைத்தன. மூச்சொலிகளுக்கோ தமிழ் எழுத்து வரிசையில் குறியும் இல்லை. ஆங்கிலச் சொற்களில் அவை பொருள் வேறுபடுத்தும் ஒலிகளாக வருவதும் இல்லை.

ஹகரம் இடத்துக்கு ஏற்ப வேறுபடுகின்றது. உயிர்களுக்கு இடையே தமிழ்க் ககரமே ஹகரத்தை ஒத்து ஒலிப்பதால், தியாகராய நகரில் உள்ள வாணி மகால் என்னும் அரங்கின் பெயரைக் ககரம் இட்டு எழுதினாலும் ஹகரம் இட்டு எழுதினாலும் ஒலிப்பில் பெரிய வேறுபாடு தோன்றாது. சொல்லின் முதலில் நிலை வேறு. அங்கே ஹகரத்தை நீக்கினால் சொல் உயிரெழுத்தில் தொடங்கும். "அனுமார்", "ஹனுமார்" என்னும் இரு வடிவங்களும் இப்பகுதிகளில் அருகருகே வழங்குகின்றன.

## எடுத்துக்காட்டு: மேளகர்த்தா இராகப் பெயர்கள்

வடமொழி ஒலிகளை இழப்பதால் பொருள் மட்டுமன்றி எண்ணும் மாறும் இடம் ஒன்று உண்டு. கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்கள், அவற்றின் வரிசை எண்ணைத் தம் முதலிரண்டு எழுத்துக்களில் கொண்டுள்ளன. இதற்குப் பயன்படுவது கடபயாதி முறையாகும்.

இம்முறையில் க முதல் ஞ வரையுள்ள பத்து மெய்களும் 1 முதல் 9, பின் 0 என எண் பெறும். ட முதல் ந வரையுள்ள பத்து மெய்களும் அவ்வாறே எண் பெறும். ப முதல் ம வரை 1 முதல் 5 ஆகும். ய, ர, ல, வ, ஶ, ஷ, ஸ, ஹ ஆகியவை முறையே 1 முதல் 8 ஆகும். தனி உயிருக்கு 0. பெயரின் முதல் எழுத்தின் எண் ஒன்றின் இடத்திலும், இரண்டாம் எழுத்தின் எண் பத்தின் இடத்திலும் வைக்கப்படும். இம்முறைக்குப் பொருந்துவதற்காகவே சங்கராபரணத்துக்கு முன் "தீர" என்பதும், தோடிக்கு முன் "ஹனுமத்" என்பதும் சேர்க்கப்பட்டன.

இருபத்தொன்று முதல் இருபத்தொன்பது வரையுள்ள பெயர்கள் இதனை விளக்க மிகவும் ஏற்றவை. ஒன்பது பெயர்களிலும் இரண்டாம் எழுத்து ரகரமாகும்; அதன் எண் 2. எனவே வேறுபாடு முழுவதும் முதலெழுத்தையே சார்ந்துள்ளது.

| எண் | இராகம் | முதலெழுத்து | தமிழெழுத்தில் மட்டும் படித்தால் |
|---|---|---|---|
| 21 | கீரவாணி | க = 1 | 21 |
| 22 | கரகரப்பிரியா | க² = 2 | 21 |
| 23 | கௌரிமனோகரி | க³ = 3 | 21 |
| 24 | வருணப்பிரியா | வ = 4 | 24 |
| 25 | மாரரஞ்சனி | ம = 5 | 25 |
| 26 | சாருகேசி | ச = 6 | 26 |
| 27 | சரசாங்கி | ஸ = 7 | 26 |
| 28 | அரிகாம்போதி | ஹ = 8 | 20 |
| 29 | தீரசங்கராபரணம் | த⁴ = 9 | 26 |

கிரந்த எழுத்தின்றி எழுதினால் ஒன்பதில் ஐந்து பெயர்கள் தவறான எண்ணைத் தருகின்றன. ஸரஸாங்கி, ஹரிகாம்போஜி எனக் கிரந்த எழுத்துடன் எழுதினால் இரண்டு பெயர்கள் சரியாகிவிடும். எஞ்சிய மூன்றும் (22, 23, 29) கிரந்த எழுத்தாலும் சரியாவதில்லை. ஏனெனில் தமிழில் வழங்கும் கிரந்த எழுத்துக்களுள் மூச்சொலிக்கோ, அதிர்வுடைய க, த ஆகியவற்றுக்கோ எழுத்து இல்லை.

பெயரைப் படிக்காமல் செவியால் கேட்டு எண்ணைக் கணித்தால் விளைவு வேறாகும். கௌரிமனோகரியின் முதலெழுத்தைச் சென்னை இசைவாணர் அதிர்வுடன் சொல்வதால் 23 சரியாகக் கிடைக்கின்றது. கரகரப்பிரியாவில் மூச்சு நீங்குவதால் 22 என்பது 21 ஆகக் கேட்கின்றது. தீரசங்கராபரணத்தில் அதிர்வு நின்று மூச்சு நீங்குவதால் 29 என்பது 28 ஆகக் கேட்கின்றது. சாருகேசியின் சகரத்தை உரசொலியாகச் சொல்வோர் வாயில் 26 என்பது 27 ஆகிவிடுகின்றது.

இவ்வாறு ஓர் எண் மாறினால் சுரங்கள் மாறும். 21ஆம் மேளமான கீரவாணியில் சுத்த தைவதமும் காகலி நிசாதமும் வரும். 22ஆம் மேளமான கரகரப்பிரியாவில் சதுசுருதி தைவதமும் கைசிகி நிசாதமும் வரும். 28ஆம் மேளத்துக்கும் 29ஆம் மேளத்துக்கும் உள்ள வேறுபாடு நிசாதம் ஒன்றேயாகும். பெயரின் பொருளும் மாறுகின்றது. "க²ர" என்பது இராமனால் கொல்லப்பட்ட கரன் என்னும் அரக்கனைக் குறிக்கும். அவனை அழித்தவனுக்கு விருப்பமானது என்பதே கரகரப்பிரியா என்பதன் பொருள். மூச்சின்றி "கர" என்று சொன்னால் அது வடமொழியில் கையைக் குறிக்கும்.

நடைமுறையில் இசை மாணவர் மேளப் பட்டியலை மனனம் செய்வதாலும், நூல்களில் எண் தனியே அச்சிடப்படுவதாலும் இக்குழப்பம் பாட்டைப் பாதிப்பதில்லை. ஆனால் தமிழ் நூலை மட்டும் கொண்டு கடபயாதி முறையைக் கற்க முயல்வோருக்கு, விதி சரியாக இருந்தும் விடை தவறாக வருவதன் காரணம் இதுவேயாகும். விடை பொருந்தாதபோது, முதலில் ஐயுற வேண்டியது க, ச, ட, த, ப ஆகியவற்றில் தொடங்கும் பெயர்களையும், ஹகரம் நீங்கி உயிரில் தொடங்கும் பெயர்களையுமே. ய, ர, ல, வ, ம, ந ஆகிய எழுத்துக்கள் இரு மொழிகளிலும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவதால் அவற்றில் இக்குழப்பம் நேர்வதில்லை.

## அச்சிலும் கணினியிலும்

மூச்சொலிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட இரு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று மேலே காட்டிய எண் குறியீடு. தோத்திர நூல்களிலும், தெலுங்கு, சமசுகிருதக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் தரும் நூல்களிலும் இது பயன்படுகின்றது. மற்றொன்று கிரந்த எழுத்து முறையை முழுவதும் பயன்படுத்துவது. பழைய அச்சு நூல்களில் இது காணப்பட்டது. இன்று இதனைப் படிப்போர் குறைவு.

கணினியில் ஶ என்னும் எழுத்து 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பட்டது. கூடுதல் கிரந்த எழுத்துக்களைத் தமிழ்ப் பகுதியில் சேர்ப்பது பற்றி 2010இல் கடும் எதிர்ப்பு எழுந்தது. கிரந்தம் தனி எழுத்துமுறையாக 2014இல் ஒருங்குறி 7.0 பதிப்பில் இடம்பெற்றது.

ஶகரத்தின் வருகையால் சிறிய சிக்கல் ஒன்று உண்டானது. "ஸ்ரீ" என்னும் கூட்டெழுத்தை இரு வகையாக உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும்.

```
U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

முதலாவது ஸகரத்தில் தொடங்குவது. இரண்டாவது ஶகரத்தில் தொடங்குவது. வடமொழி மூலத்துக்கு இரண்டாவதே பொருந்தும். ஆனால் முன்னர் உருவாக்கப்பட்ட ஆவணங்களில் முதலாவதே உள்ளது. ஒரு வகையில் எழுதப்பட்ட பெயரை மற்றொரு வகையில் தேடினால் அது கிடைக்காமல் போகலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர் தேடலில் கிடைக்கவில்லை எனில், இரு வகையிலும் உள்ளிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

## ஆங்கில எழுத்துக்கூட்டல்

தமிழ் எழுத்திலும் பேச்சிலும் இல்லாத மூச்சொலி, சென்னைவாசிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தோன்றுகின்றது. பாரதி, பாஸ்கர் ஆகிய பெயர்களில் பகரத்துக்கு உரிய ஆங்கில எழுத்தை அடுத்து எச் என்னும் எழுத்து சேர்க்கப்படுவது மூலத்திலுள்ள ப⁴ காரணமாகவாகும். ஆனால் கீதா, லலிதா போன்ற பெயர்களில் டி என்னும் எழுத்தை அடுத்து வரும் எச் மூச்சொலியைக் குறிப்பதன்று. தமிழரின் வழக்கில் அது தகரத்தை டகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் குறியாகும். இதனை அறியாத வட இந்தியர் இப்பெயர்களை மூச்சொலியுடன் படிப்பதுண்டு. பாரதி என்னும் ஒரே பெயரில் முதல் எச் மூச்சைக் குறிக்க, இரண்டாவது எச் பல்லொலியைக் குறிக்கின்றது.

## கருத்து வேறுபாடுகள்

1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், வடசொற்களுக்கு மாற்றாகத் தமிழ்ச் சொற்களைப் பயன்படுத்துவதை வலியுறுத்தியது. வேதாசலம் என்னும் தம் பெயரையும் அவர் தமிழாக்கிக்கொண்டார். வடசொல்லைத் தவிர்க்க இயலாத இடத்தில் கிரந்த எழுத்தையாவது தவிர்க்க வேண்டும் என்பது இவ்வழியைப் பின்பற்றுவோர் கருத்து. கிரந்த எழுத்தின்றி எழுதினால் எல்லோரும் எளிதில் ஒலிக்கலாம் என்றும், தமிழின் சொல்லமைப்பு சிதையாது என்றும் அவர்கள் கூறுவர். பெயருக்கு உரியவர் ஒலிக்கும் வகையிலேயே பெயரை எழுத வேண்டும் என்பது மறுசாரார் கருத்து.

இவ்விவாதம் பெரும்பாலும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துக்களைப் பற்றியே நிகழ்ந்துள்ளது. கண்ணுக்குத் தெரியும் அயல் எழுத்துக்களே விவாதத்துக்கு உள்ளாகின்றன. தமிழ் எழுத்துக்குள் மறைந்து நிற்கும் மூச்சொலி இழப்பையும், சொல்முதல் அதிர்வு காக்கப்படுவதையும் எழுத்துச் சீர்திருத்தம் எதுவும் தொடவில்லை. "பரதநாட்டியம்" என்பதைத் தூய தமிழெழுத்தில் எழுதுவோரும் கிரந்த எழுத்தை ஆதரிப்போரும் ஒரே வகையில், அதிர்வுடனும் மூச்சின்றியும் ஒலிக்கின்றனர்.

## இவற்றையும் பார்க்கவும்

- கிரந்த எழுத்துமுறை
- வடசொல்
- கடபயாதி
- மேளகர்த்தா இராகங்கள்
- தனித்தமிழ் இயக்கம்